பத்துக்கு ஏழு ஜெயித்தும் கணக்கில் பணம் குறைவது ஏன்?

பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, மூன்று மாதத்தில் 50 இன்ட்ராடே டிரேடு. 35 லாபம், 15 நட்டம். அப்படியும் கணக்கில் 5,000 ரூபாய் குறைந்திருக்கிறது. எங்கே போனது?

உங்கள் டிரேடு பட்டியலைப் பார்த்தேன். லாபம் வந்த 35 டிரேடிலும் சேர்த்து 21,000, சராசரி 600. நட்டமான 15 டிரேடில் போனது 22,500, சராசரி 1,500. வெற்றி விகிதம் 0.7. அதை 600-ஆல் பெருக்கினால் 420. தோல்வி 0.3, அதை 1,500-ஆல் பெருக்கினால் 450. 420-இல் 450 போனால் மைனஸ் 30. ஒவ்வொரு முறை வாங்கி விற்கும்போதும் உங்கள் முறை சராசரியாக 30 ரூபாயை விடுகிறது. எதிர்பார்ப்பு மதிப்பு என்பது இந்த ஒரு எண்தான்.

இது 50 டிரேடுக்கு 1,500 ரூபாய். மீதி 3,500 தரகர் அனுப்பும் உங்கள் கான்ட்ராக்ட் நோட்டில் இருக்கிறது. தரகு, அதன் மேல் ஜிஎஸ்டி, விற்கும்போது பிடிக்கும் எஸ்டிடி என்ற வரி, முத்திரைக் கட்டணம் எல்லாம் சேர்ந்து டிரேடுக்கு 70 ரூபாய் ஆகியிருக்கிறது. லாபத்திலிருந்து 70-ஐக் கழியுங்கள், நட்டத்தோடு 70-ஐக் கூட்டுங்கள். சராசரி லாபம் 530, சராசரி நட்டம் 1,570 ஆகிறது. மைனஸ் 30 இப்போது மைனஸ் 100. ஐம்பது டிரேடுக்கு 5,000, கணக்கு நேராகிவிட்டது.

நட்டமில்லாமல் நிற்க எத்தனை சதவீதம் ஜெயிக்க வேண்டும் என்பதற்கு ஒரு குறுக்கு வழி உண்டு. சராசரி நட்டத்தை, லாபமும் நட்டமும் சேர்ந்த தொகையால் வகுத்துவிடுங்கள். 1,570-ஐ 2,100-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 75 சதவீதம். உங்களுக்கு 70 போதாமல் போனது அதனால்தான்.

அப்புறம் அந்த 15 நட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பதினொன்று 1,000 ரூபாயை ஒட்டியே முடிந்திருக்கின்றன, கூட்டினால் 11,000. மீதி நான்கில் மட்டும் 11,500 போயிருக்கிறது. அந்த நான்கு நாளும் என்ன செய்தீர்கள்? நட்டம் இந்த விலையோடு நிற்கட்டும் என்று முன்பே போட்ட ஸ்டாப் லாஸைக் கீழே நகர்த்தினீர்களா?

ஓசூரிலிருந்து: இவ்வளவு கணக்கு எதற்கு சார்? நட்டம் ஒன்றுக்கு லாபம் இரண்டு என்று வைத்து டிரேடு செய்தால் 34 சதவீதம் ஜெயித்தாலே லாபம். நான் 40 சதவீதம் ஜெயிக்கிறேன்.

பாதி சரி. கட்டணம் போக ஒன்றுக்கு இரண்டு நிஜமாகவே கையில் கிடைத்தால், 34 போதும். நீங்கள் சொல்வது ஆர்டர் போடும்போது மனதில் வைத்த விகிதம். கணக்கில் போட வேண்டியது முடிந்த டிரேடுகளின் சராசரி. இலக்கு 2,000 என்று வைத்துவிட்டு, 1,200 வந்ததும் பயந்து விற்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நட்டம் மட்டும் முழு 1,000-மும் போகும். அப்போது உங்கள் விகிதம் 1.2. நாற்பது சதவீதம் ஜெயித்தால் 480 வரும், 600 போகும். டிரேடுக்கு 120 ரூபாய் நட்டம். நினைத்த விகிதத்தில் போட்டாலோ அதே கணக்கு 200 ரூபாய் லாபம் காட்டும். உங்களுடையது எது என்று எனக்குத் தெரியாது. கடைசி 30 டிரேடின் முடிவை எழுதி அனுப்புங்கள், பார்த்துவிடலாம்.

அரூரிலிருந்து: வாங்கின விலைக்கே விற்று வெளியே வந்தால் அது எந்தப் பக்கம் சேரும்?

நட்டத்தில் சேருங்கள். கட்டணம் போயிருக்கிறதே. இவற்றை விட்டுவிட்டு எண்ணுவதால்தான் பலருக்கு வெற்றி விகிதம் கூடுதலாகத் தெரிகிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து ஒரு அம்மா: எங்கள் வீட்டுக்காரர் வருடா வருடம் பத்து மாந்தோப்பு குத்தகைக்கு எடுக்கிறார். நாலு தோப்பில் நல்ல காசு, ஆறில் கைநட்டம். இந்தக் கணக்கு எங்களுக்கும் பொருந்துமா? நான் ஷேர் எதுவும் செய்வதில்லை.

பொருந்தும் அம்மா. நாலு தோப்பில் சராசரியாக எவ்வளவு வந்தது, ஆறில் சராசரியாக எவ்வளவு போனது என்று போட்டால் எண் வந்துவிடும். மருந்தடித்த கூலி, காவல் கூலி, வண்டி வாடகை எல்லாம் கழித்த பிறகு போடுங்கள்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். பத்தும் பக்கத்துப் பக்கத்துத் தோப்பாக இருந்தால் ஒரே ஆலங்கட்டி மழையில் பத்தும் அடிபடும். மண்டியில் விலை விழுந்தால் பத்துக்கும் சேர்ந்தே விழும். அதனால் ஒரு வருடத்தின் பத்து தோப்பைப் பத்து அனுபவமாக எண்ண முடியாது, ஒன்றோ இரண்டோதான். ஐந்தாறு வருடக் கணக்கைச் சேர்த்துப் போட்டால்தான் எண்ணை நம்பலாம். ஷேரிலும் இப்படியே. ஒரே காலையில் நான்கு வங்கிப் பங்குகளை வாங்கியவர் செய்தது நான்கு டிரேடு இல்லை.

பாலக்கோட்டுத் தம்பி மறுபடியும்: ஆமாம் அண்ணா, நான்கிலும் ஸ்டாப்பை நகர்த்தினேன். இனி நகர்த்தாவிட்டால் அந்த நான்கும் ஆயிரத்தோடு நிற்கும். 21,000-இல் 15,000 போக 6,000, கட்டணம் போக 2,500 லாபம். சரிதானே?

அவசரப்படாதீர்கள். ஸ்டாப்பை நகர்த்தி, அப்புறம் விலை திரும்பி வந்து லாபத்தில் முடிந்த டிரேடுகளும் அந்த 35-இல் இருக்கும். நகர்த்தாமல் இருந்தால் அவை நட்டமாகியிருக்கும். நட்டப் பக்கத்தை மட்டும் திருத்திவிட்டு லாபப் பக்கத்தை அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. சார்ட்டில் ஒவ்வொரு லாப டிரேடுக்கும் போய், நீங்கள் முதலில் போட்ட ஸ்டாப்பை விலை தொட்டதா என்று பாருங்கள்.

அதே தம்பி, இரவு: பார்த்தேன். மூன்று தொட்டிருக்கின்றன.

அப்படியானால் 32 லாபம், 18 நட்டம். 32-ஐ 600-ஆல் பெருக்க 19,200. நட்டம் 18,000. கட்டணத்துக்கு முன் மிச்சம் 1,200, டிரேடுக்கு 24 ரூபாய். கட்டணம் 3,500 போனால் மைனஸ் 2,300. பழைய 5,000 பாதிக்கும் கீழே வந்துவிட்டது, ஆனாலும் லாபம் இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து, கணக்கு ஆசிரியர்: தரகு ஆர்டருக்கு இவ்வளவு என்று நிலையாக இருந்தால், பங்குகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கினால் 24 என்பது 48 ஆகும், தரகு கூடாது. மூன்று மடங்காக்கினால் லாபம் வந்துவிடாதா?

பாதி சரி சார். தரகு கூடாது என்பது உண்மை, ஆனால் எஸ்டிடியும் முத்திரைக் கட்டணமும் தொகையோடு கூடும், அதனால் மூன்று மடங்கில் வரும் 72 ரூபாய் கட்டணத்தைத் தாண்டும் என்று சொல்ல முடியாது. அதைவிட எனக்குப் பெரிய சந்தேகம் அந்த 24-இன் மேல்தான். 64 சதவீதம் 600 வரும், 36 சதவீதம் 1,000 போகும் என்றால் ஒரு டிரேடின் முடிவு சராசரியிலிருந்து 770 ரூபாய் அளவுக்கு அங்கும் இங்கும் ஆடும். ஐம்பது டிரேடின் சராசரி சுமார் 109 ரூபாய் ஆடும். 24 என்று வந்த இடத்தில் உண்மை 100 ஆகவும் இருக்கலாம், மைனஸ் 80 ஆகவும் இருக்கலாம். இதே அளவு ஆட்டத்தில் 24-ஐச் சுழியிலிருந்து ஓரளவு உறுதியாகப் பிரித்துச் சொல்ல 4,000 டிரேடு வேண்டும். உண்மை மைனஸ் 80 என்றால், மூன்று மடங்காக்கினால் நட்டமும் மூன்று மடங்கு.

தம்பி அளவைக் கூட்டுவதை நான் இப்போது ஏற்கமாட்டேன். நீங்கள் ஏற்பீர்கள் என்று தெரிகிறது. எண்ணிக்கையைக் கூட்டாமல், ஸ்டாப்பைத் தொடாமல் இன்னும் 50 டிரேடு செய்து, டிரேடுக்கு முன்பே ஸ்டாப் விலையை நோட்டில் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அதுவும் 24-க்கு அருகில் வந்தால் மறுபடி பேசலாம் சார்.