டெலிவரி வேனுக்குத் தேய்மானம்: ஆண்டைப் பார்ப்பதா, கிலோமீட்டரைப் பார்ப்பதா?

கேள்வி: தொழிலுக்கு 6,60,000 கொடுத்து டெலிவரி வேன் வாங்கியிருக்கிறேன். 5 ஆண்டு அல்லது 2,00,000 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, 60,000-க்கு விற்றுவிடலாம் என்று எண்ணம். முதல் ஆண்டில் ஆர்டர் குறைவு, போகப்போகக் கூடும். தேய்மானத்தை ஆண்டு இலக்கக் கூட்டு முறையில் போடுவதா, உற்பத்தி அலகு முறையில் போடுவதா?

பதில்: உங்களுக்கு உற்பத்தி அலகு முறைதான் சரி. ஏன் என்பதைக் கணக்கே காட்டும்.

விலையில் விற்பனை மதிப்பைக் கழித்தால் 6,00,000. இரண்டு முறையிலும் தேயப்போவது இவ்வளவுதான். எந்த ஆண்டில் எவ்வளவு என்பதில்தான் வேறுபாடு.

ஆண்டு இலக்கக் கூட்டு முறையில் 5+4+3+2+1 = 15 என்பது பகுதி. முதல் ஆண்டுக்கு 5/15, அடுத்த ஆண்டுக்கு 4/15 என்று பங்கு இறங்கிக்கொண்டே வரும். உற்பத்தி அலகு முறையில் 6,00,000-ஐ 2,00,000 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு 3. ஆண்டு முடிவில் ஓடோமீட்டரைப் பார்த்துப் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஓட்டம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

| ஆண்டு | இலக்கக் கூட்டு முறை | ஓடிய கி.மீ. | அலகு முறை |
|---|---|---|---|
| 1 | 2,00,000 | 30,000 | 90,000 |
| 2 | 1,60,000 | 50,000 | 1,50,000 |
| 3 | 1,20,000 | 60,000 | 1,80,000 |
| 4 | 80,000 | 40,000 | 1,20,000 |
| 5 | 40,000 | 20,000 | 60,000 |

முதல் வரியைப் பாருங்கள். வேன் குறைவாக ஓடி, வருமானமும் குறைவாக வந்த ஆண்டில்தான் இலக்கக் கூட்டு முறை அதிகச் செலவை ஏற்றுகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6.67 விழுகிறது. மூன்றாம் ஆண்டில் அதுவே 2. இதை வைத்து டெலிவரிக் கட்டணம் நிர்ணயித்தால், முதல் ஆண்டில் கூடுதலாகக் கேட்டு வாடிக்கையாளரை இழப்பீர்கள். பிறகு குறைத்துக் கேட்பீர்கள்.

இலக்கக் கூட்டு முறைக்கும் இடம் உண்டு. ஆண்டுதோறும் ஓட்டம் ஏறத்தாழ ஒன்றாக இருந்து, சந்தை விலை தொடக்கத்திலேயே மளமளவென்று இறங்கி, பழுதுச் செலவு பின்னால் ஏறும் வண்டிக்கு அது பொருந்தும். தேய்மானம் குறையக் குறையப் பழுதுச் செலவு கூடுவதால் மொத்தச் சுமை ஓரளவு சமமாகிவிடும். ஆனால் நடு ஆண்டில் வாங்கிய வண்டியென்றால் அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கணக்காண்டில் 9 மாதமே மீதி என்றால், முதல் ஆண்டுக்கு 2,00,000-இல் 9/12, அதாவது 1,50,000. இரண்டாம் ஆண்டுக்கு நேரே 4/15-க்குத் தாவிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. முதல் பங்கில் விட்டுப்போன 3 மாதத்துக்கு 50,000, இரண்டாம் பங்கின் 9 மாதத்துக்கு 1,20,000, ஆக 1,70,000 என்று போட வேண்டும். இல்லாவிட்டால் கடைசியில் 50,000 தேயாமல் நிற்கும். அலகு முறையில் இந்த மாதக் கணக்கே கிடையாது.

அலகு முறையின் பலவீனம் அந்த 2,00,000 என்ற மதிப்பீடுதான். இரண்டு ஆண்டில் 80,000 கிலோமீட்டர் ஓடியபின், இன்னும் 90,000-தான் தாங்கும் என்று மெக்கானிக் சொன்னால் பழைய ஆண்டுகளைத் திருத்தக் கூடாது. வாங்கிய விலையில் அதுவரை போட்ட தேய்மானம் போக நிற்பதுதான் ஏட்டு மதிப்பு; அப்போது அது 4,20,000. அதில் 60,000 போக மீதி 3,60,000-ஐ 90,000-ஆல் வகுத்து, அதுமுதல் கிலோமீட்டருக்கு 4 என்று போடுங்கள். மாறாக, எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக ஓடினாலும் ஏட்டு மதிப்பு 60,000-ஐத் தொட்டதும் தேய்மானம் நின்றுவிட வேண்டும். வேன் மாதக்கணக்கில் நிறுத்திக் கிடந்தால் இந்த முறையில் தேய்மானம் பூஜ்யம். வண்டியோ நின்ற இடத்திலேயே விலை இறங்கும். அப்படி நீண்ட நாள் நின்றால், விற்பனை மதிப்பு இன்னும் 60,000-தானா என்று மறுபடி பாருங்கள்.

அலகாகக் கிலோமீட்டரையோ இன்ஜின் ஓடிய மணிநேரத்தையோ எடுக்கலாம். நெரிசலில் நின்று நின்று போகும் வண்டிக்கு மணிநேரமே நியாயம். வந்த வருமானத்தை அலகாக எடுக்காதீர்கள்: விலையேற்றத்தால் வருமானம் கூடினால் வண்டி தேய்ந்ததாக ஆகாது. ஐ.ஏ.எஸ் 16 என்ற பன்னாட்டுக் கணக்கியல் தரமும் இதை ஏற்பதில்லை.

எந்த முறையானாலும் கையிலிருந்து போகும் பணம் மாறாது. இரண்டாம் ஆண்டு முடிவில் வேனை 4,00,000-க்கு விற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கக் கூட்டு முறையில் ஏட்டு மதிப்பு 3,00,000, ஆகவே 1,00,000 லாபம் தெரியும். அலகு முறையில் 20,000 நஷ்டம். முந்தைய தேய்மானத்தோடு சேர்த்தால் இரண்டிலும் மொத்தச் செலவு 2,60,000-தான். வரிக் கணக்குக்கான தேய்மான விகிதத்தைச் சட்டமே தனியாக வகுத்திருக்கக்கூடும். அதைக் கணக்காளரிடம் கேட்டுத் தனித்தாளில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு, ஒவ்வொரு மாதக் கடைசி நாளும் ஓடோமீட்டரைப் படம் எடுத்து, லாக் புத்தகத்தில் குறிக்கும்படி ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். ஆண்டு முடிவில் நினைவிலிருந்து எழுதிய கிலோமீட்டரைத் தணிக்கையாளர் ஏற்கமாட்டார்.