பின்னால் போய் எடுத்து வா: ஸ்லைடிங் விண்டோ சுருக்கம், கேள்வி பதில்

கேளுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னதற்கு இத்தனை கேள்விகள். நான் பேசப்போவது எளிய வடிவத்தை மட்டும்தான், சின்ன சிப்களுக்குப் பல வருஷமாக நான் எழுதிக்கொண்டிருப்பது. கடைசியாக வந்த 4096 பைட் விண்டோவுக்குள் இருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் முன்னால் ஒரு பிட் கொடி. கொடி 0 என்றால் அடுத்த 8 பிட் ஒரு பைட், அப்படியே எழுது. 1 என்றால் 12 பிட் தூரம், 4 பிட் நீளம்: இத்தனை பைட் பின்னால் போ, இத்தனை பைட் எடுத்து வா. கொடியோடு சேர்ந்த இந்த 17 பிட்டைத்தான் குறிப்பு என்கிறேன். நீளம் 3 முதல் 18 வரை. கணக்கெல்லாம் இதை வைத்துத்தான்.

கேள்வி: "தூரம் 6, நீளம் 12 என்று என் என்கோடர் எழுதுகிறது. பின்னால் இருப்பதே 6 பைட்தான், 12 எங்கிருந்து வரும்? இது பிழையா?"

பிழை இல்லை, இந்த முறையில் எனக்கு மிகப் பிடித்த இடமே இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

"தகதகதக" என்று ஒரு கோப்பு. UTF-8-இல் த என்பது `E0 AE A4`, க என்பது `E0 AE 95`, ஆக மொத்தம் 18 பைட். முதல் மூன்று பைட் புதியவை. அடுத்து க வரும்போது `E0 AE` ஏற்கெனவே பார்த்ததுதான், ஆனால் நீளம் 2, நம் குறைந்த அளவு 3, அதனால் அவையும் அப்படியே போகின்றன. ஏழாவது பைட்டில் நிற்கும்போது 6 பைட் பின்னால் அதே த இருக்கிறது. ஒப்பிட்டுக்கொண்டே போனால் 6 பைட்டோடு நிற்கவில்லை, கோப்பு முடியும் வரை 12 பைட் பொருந்துகிறது. ஒப்பிடும் இடம் நாம் நிற்கும் இடத்தையே தாண்டிப் போய்விட்டது, அவ்வளவுதான். விரிக்கும் பக்கத்தில் ஒவ்வொரு பைட்டாக எடுத்தால் ஏழாவது பைட் தேவைப்படும் நேரத்தில் அதை நாமே எழுதி முடித்திருப்போம்.

```c
while (len--) {
    out[n] = out[n - dist];
    n++;
}
```

கணக்கு: 6 பைட்டுக்குத் தலா 9 பிட், 54. ஒரு குறிப்புக்கு 17. மொத்தம் 71 பிட், அதாவது 9 பைட்டுக்குள் 18 பைட் அடங்கிவிட்டது. தூரம் 1 என்று வைத்தால் ஒரே பைட்டைத் திரும்பத் திரும்ப எழுதும் வேலையும் இதே சுற்றில் நடந்துவிடும், தனி வழி வேண்டாம்.

அப்புறம் ஒன்று. கோப்பில் வரும் தூரத்தை நம்பாதீர்கள். `dist > n` என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த கோப்பு, அல்லது யாரோ வேண்டுமென்றே செய்த கோப்பு, பஃபருக்கு முன்னால் இருக்கும் நினைவகத்தைப் படிக்க வைத்துவிடும்.

கேள்வி: "ஒவ்வொரு பைட்டாக ஏன்? memcpy-க்குப் பதில் memmove போட்டால் மூலமும் இலக்கும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் பத்திரம்தானே."

பாதி சரி. `memmove` பத்திரம் என்பது உண்மை, ஆனால் எதற்குப் பத்திரம்? மூலத்தில் நகலுக்கு முன் இருந்ததை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பதற்கு. நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர்: இப்போதுதான் எழுதிய பைட்டை மறுபடி படிக்க வேண்டும். மேலே உள்ள கோப்பில் `memmove` போட்டால் முதல் 6 பைட் சரியாக வரும், மீதி 6-இல் பஃபரில் முன்பு கிடந்த குப்பை வரும். `memcpy` இன்னும் மோசம், உங்கள் கணினியில் சரியாக ஓடி வேறொன்றில் கெடும். தூரம் நீளத்துக்குச் சமமாகவோ அதற்கு மேலோ இருந்தால் மட்டும் அவற்றைக் கூப்பிடுங்கள், இல்லையென்றால் மேலே உள்ள சுற்று.

கேள்வி: "குறைந்த நீளம் ஏன் 3? இரண்டு பைட்டை அப்படியே எழுதினால் 18 பிட், குறிப்பு 17 பிட். ஒரு பிட் லாபம் இருக்கிறதே, சார்."

கணக்குப் போட்டுப் பார்த்த முதல் ஆள் நீங்கள். ஆமாம், லாபம்தான். ஆனால் 4 பிட்டில் 16 நீளங்கள்தான் அடங்கும், 2-இல் தொடங்கினால் உச்சம் 17 ஆகிவிடும். தமிழ்க் கோப்பில் எங்கும் `E0 AE` அல்லது `E0 AF` வருவதால் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு பிட் மிச்சம் பிடிக்கிறேன் என்று குறிப்பாக எழுதித் தள்ளுவீர்கள், தேடலும் இழுக்கும். உங்கள் கோப்புகளில் அளந்து பாருங்கள்.

கேள்வி: "ஜிப் செய்த கோப்பை இதில் போட்டேன், பெரிதாகிவிட்டது."

ஆகும். அதில் திரும்ப வரும் துண்டுகள் ஏற்கெனவே போய்விட்டன. ஒவ்வொரு பைட்டும் 9 பிட் ஆகிறது, எட்டில் ஒரு பங்கு வீக்கம்.

கேள்வி: "கிஃப் படத்தில் இருப்பதும் இதுதானே? அகராதி எண் எங்கே சேமிக்கிறோம்?"

இல்லை. அது, நாம் பேசும் இந்த முறையைத் தந்த லெம்பெல், ஸிவ் இருவரும் 1978-இல் வெளியிட்ட இன்னொரு வழியிலிருந்து கிளைத்தது. அங்கே அகராதிக்கு எண் உண்டு. இங்கே அகராதியே இல்லை, முன்னால் போன உரைதான் அகராதி. கிஃப் பற்றி வேறு நாள்.

கேள்வி: "ஒவ்வோர் இடத்திலும் கிடைக்கிற மிக நீளமான பொருத்தத்தை எடுப்பதே உகந்தது என்று நிரூபித்திருக்கிறார்கள். பிறகு ஏன் சிலர் ஒரு பைட் காத்திருந்து பார்க்கிறார்கள்? வீண் வேலை."

நிரூபணம் எதைப் பற்றியது என்று பாருங்கள், அண்ணா. துண்டுகளின் எண்ணிக்கையைப் பற்றியது. எல்லாத் துண்டும் ஒரே விலை, குறைந்த நீளம் என்ற கட்டும் இல்லை என்றால் நீங்கள் சொல்வது சரி. நம்மிடம் ஒன்று 9 பிட், இன்னொன்று 17.

```
abcy bcdefghi abcdefghi
```

மூன்றாவது சொல்லில் நில்லுங்கள். `a`-இல் கிடைக்கும் நீளமான பொருத்தம் `abc`, தூரம் 14, நீளம் 3. எடுத்துவிட்டால் மீதி `defghi`, தூரம் 10, நீளம் 6. இரண்டு குறிப்பு, 34 பிட். பேராசைப்படாமல் `a`-வை மட்டும் அப்படியே எழுதிவிட்டு அடுத்த இடத்தில் பார்த்தால் `bcdefghi`, தூரம் 10, நீளம் 8. 9-உம் 17-உம் 26 பிட். இரண்டு வழியிலும் துண்டுகள் இரண்டே, உங்கள் நிரூபணம் பொய்க்கவில்லை, ஆனால் 8 பிட் போச்சு.

அதே அண்ணா: "ஒரு பொறுக்கி எடுத்த உதாரணம். நிஜக் கோப்பில் இந்த 8 பிட்டுக்காக ஒவ்வோர் இடத்திலும் இரண்டு முறை தேடுவதா?"

பொறுக்கியதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நிஜக் கோப்பில் சொற்களுக்கு நடுவே இது அடிக்கடி நடக்கும்: முந்தைய சொல்லின் வாலும் இடைவெளியும் சேர்ந்து ஒரு குட்டிப் பொருத்தம் கொடுத்து, அடுத்து வரும் பெரிய பொருத்தத்தின் தலையை வெட்டிவிடும். zlib-இல் நிலை 1 முதல் 3 வரை காத்திருப்பது கிடையாது, 4-இலிருந்து உண்டு. ஒரே கோப்பில் `gzip -3`, `gzip -4` இரண்டும் ஓட்டிப் பாருங்கள், ஆனால் தேடும் ஆழமும் கூடவே மாறுகிறது, எல்லா வித்தியாசத்தையும் காத்திருப்பின் கணக்கில் எழுதாதீர்கள்.

இடையில் புகுந்த ஒருவர்: "இருவரும் பிட்டுக்குச் சண்டை போடுகிறீர்கள். தமிழ் உரைக்கு முதலில் ஒவ்வோர் எழுத்துக் குறியையும் ஒரு பைட்டாக மாற்றுங்கள். யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கியது 128 இடம், மீதி 128-இல் ஆங்கிலம். இதைவிடப் பெரிய லாபம் எதுவும் கிடைக்காது."

இது நல்ல அடி. 4096 பைட் விண்டோவில் இப்போது சுமார் 1365 தமிழ்க் குறிகள்தான் அடங்கும், மாற்றினால் 4096. குறைந்த நீளம் 3 என்பதும் ஒரு குறியிலிருந்து மூன்று குறியாகிவிடும், அது நல்லதா கெட்டதா என்பது உரையைப் பொறுத்தது. ஆனால் கோப்பில் ஒரு வேற்றுமொழி எழுத்தோ எமோஜியோ வந்தால் தப்பிக்க ஒரு குறி வேண்டும், உங்கள் 256 இடமும் ஏற்கெனவே நிரம்பிவிட்டது. (தமிழ் ஒதுக்கீட்டில் காலி இடங்கள் உண்டு, அதில் ஒன்றைப் பிடிக்கலாம்.) பின்னால், அடிக்கடி வரும் பைட்டுக்குக் குறைந்த பிட் தரும் ஹஃப்மன் முறையை வைத்திருந்தால் `E0 AE` எப்படியும் மலிவாகிவிடும், லாபம் சுருங்கும் என்பது என் எண்ணம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. அண்ணாவும் அவர் பக்கம் சாய்ந்துவிட்டார். இருக்கட்டும்.

கேள்வி: "விண்டோவை 1 ஜிபி ஆக்கினால்?"

தூரத்துக்கு 30 பிட். மூன்று பைட் பொருத்தத்துக்கு 35 பிட் கொடுத்து 27 பிட் மிச்சம் பிடிப்பீர்கள்.

கேள்வி: "ஜேபெக் படங்களைப் போட்டேன், பெரிதாகிறது."

ஜிப் கேட்டவருக்குச் சொன்ன பதில்.

கேள்வி: "ஏற்கெனவே ஜிப்..."

மேலே. மேலே பாருங்கள்.

கேள்வி: "64 பைட் பதிவுகளாக லாக் எழுதுகிறோம். 4096 பைட்டுக்குக் கீழே எல்லாம் சரி. அதற்கு மேல் போனால் விரித்த கோப்பில் அங்கங்கே சுழியங்கள். செக்சம் தப்பு. மூன்று நாளாகத் தேடுகிறேன்."

நின்று பதில் சொல்ல வேண்டிய கேள்வி. `cmp` ஓட்டி முதல் வித்தியாசம் எந்த பைட்டில் என்று பாருங்கள், அந்த பைட்டை எழுதிய குறிப்பை அச்சிடுங்கள். தூரம் 0 என்று இருக்கும், பந்தயம்.

12 பிட்டில் 0 முதல் 4095 வரைதான் அடங்கும். உங்கள் தூரம் 1 முதல் 4096. அப்படியே எழுதினால் 4096 வரும்போது மேல் பிட் விழுந்து 0 ஆகிவிடும். விரிக்கும்போது `out[n] = out[n]`, அதாவது பஃபரில் இருந்ததே இருக்கும், புதுப் பஃபர் என்றால் சுழியம். 4096 என்பது 64-இன் மடங்கு, அதனால் உங்கள் பதிவுகள் சரியாக அந்தத் தூரத்தில் ஒன்றுக்கொன்று பொருந்தும். விண்டோவின் பழைய முனையிலிருந்து தேடத் தொடங்கி, சமமான நீளம் வந்தால் முதலில் கண்டதையே வைத்துக்கொள்கிறீர்கள் என்றும் நினைக்கிறேன். அருகில் இருப்பதை எடுங்கள், எழுதும்போது `dist - 1`, படிக்கும்போது 1 கூட்டுங்கள். `dist > n` சோதனை இந்தப் பிழையைப் பிடித்திருக்காது, `dist == 0` சோதனையும் வேண்டும். இதை எத்தனை முறை சொல்வது.

அதே லாக் நண்பர்: "தூரம் 0-தான், அப்படியே இருக்கிறது! ஆனால் பழைய வடிவில் எட்டு மாத லாக் சேர்ந்துவிட்டதே. போனது போனதுதானா?"

போகவில்லை. பழைய வடிவில் 0 என்பது வேறு எந்தத் தூரத்திலிருந்தும் வந்திருக்க முடியாது, 4096 மட்டும்தான் 0 ஆகும். பழைய கோப்புகளுக்கு மட்டும் விரிப்பானில் ஒரு வரி:

```c
if (dist == 0) dist = 4096;
```

புதுக் கோப்புகளின் தலையில் ஒரு பதிப்பு எண் வையுங்கள், இல்லையென்றால் எது பழையது எது புதியது என்று தெரியாமல் மறுபடி இங்கே வருவீர்கள். `dist > n` சோதனையை இந்த வரிக்குக் கீழே போடுங்கள், மேலே இல்லை.