ஒரு மணி நேரப் பதிவு, எத்தனை மணி நேர வேலை?

நான் தமிழ்ப் பட்டதாரி. வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவருக்காக முதியவர்களின் நேர்காணல் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத் தட்டச்சுச் செய்து கொடுக்கிறேன். நிமிடத்துக்கு 60 ரூபா என்றார்கள். மணிக்கு 3,600 ரூபா என்று மகிழ்ந்து ஏற்றேன். முதலாவது பதிவு 45 நிமிடந்தான். அதற்கே 9 மணி நேரம் போய்விட்டது. இன்னும் 11 பதிவுகள் உள்ளன. ஏமாற்றிவிட்டார்களா? – கொக்குவில் வாசகி

இல்லை, தங்கச்சி. அவர்கள் சொன்னது ஒலி நிமிடம், நீங்கள் விளங்கிக்கொண்டது வேலை நிமிடம். எந்த நிமிடம் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தக் கடிதத்துக்கே தேவை இருந்திராது.

இந்த ஒலி நிமிடக் கணக்கின் மீது எனக்குப் பழைய கோபம் ஒன்று உண்டு என்பதால், சற்று நீட்டியே சொல்கிறேன். பதிவின் நீளத்தை வைத்துக் கூலி பேசுவது, ஒடியற் கூழைக் குடித்து முடிக்கிற நேரத்தை வைத்து அதைக் காய்ச்சியவருக்குக் கூலி பேசுவதைப் போன்றது. ஆனாலும் உலகம் முழுவதும் இதுவே வழக்கம். அதை நீங்களோ நானோ மாற்றப்போவதில்லை. மாற்றக்கூடியது, அந்த நிமிடத்துக்கு நாம் கேட்கும் விலை ஒன்றுதான்.

ஒருவர் மட்டும் தெளிவாகப் பேசிய பதிவு என்றால், கை பழகியவருக்கு ஒரு மணி நேர ஒலிக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் வேண்டும். புதியவருக்கு ஆறு மணி நேரமும் ஆகும். பல் போன முதியவர், இடையில் புகுந்து பேசும் மருமகள், தலைக்கு மேலே மின்விசிறி, முற்றத்தில் சேவல் என்று சேரும்போது அது இரட்டிப்பாகும். உங்களுக்கு ஒரு நிமிட ஒலிக்கு 12 நிமிட வேலை ஆகியிருக்கிறது. 45 நிமிடத்துக்குக் கிடைப்பது 2,700 ரூபா. அதை 9 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 300 ரூபா. இதே வேலையை ஃபைவர் போன்ற தளத்தின் வழியாகப் பெற்றிருந்தால், அவர்கள் 20 சதவீதத்தைத் தங்கள் பங்காகக் கழித்த பின்பு மணிக்கு 240 ரூபாதான் மிஞ்சும்.

விலை சொல்வதற்கு முன்பு பதிவில் 10 நிமிடத்தை வாங்கி, மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு தட்டச்சுச் செய்யுங்கள். அந்தப் 10 நிமிடத்தை நடுப்பகுதியிலிருந்து எடுக்க வேண்டும்; தொடக்கத்தில் எல்லோரும் பெயரும் ஊரும் சொல்லி ஒருவர் பின் ஒருவராக ஒழுங்காகத்தான் பேசுவார்கள், கதை சூடு பிடித்த பின்புதான் ஒருவர் பேச்சில் மற்றவர் ஏறுவார். முடித்ததும் ஒலியோடு ஒப்பிட்டு இன்னொரு முறை வாசிக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். உங்கள் பதிவில் எல்லாம் சேர்த்து அது 2 மணி நேரமாக வந்திருக்கும். மணிக்கு 600 ரூபாவாவது வேண்டும் என்றால், அந்தப் 10 நிமிடத்தின் விலை 1,200 ரூபா, அதாவது ஒலி நிமிடத்துக்கு 120 ரூபா. நீங்கள் ஏற்றது அதில் பாதி.

நேரத்தைத் தின்னும் இன்னொன்றையும் நீங்கள் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்: எதை எழுத வேண்டும்? ஒரு தாயார் “அவை அண்டைக்கே வெளிக்கிட்டுப் போட்டினம்” என்று சொன்னால், ஆய்வாளருக்கு அதை அப்படியே எழுத வேண்டுமா, “அவர்கள் அன்றைக்கே புறப்பட்டுவிட்டார்கள்” என்று மாற்ற வேண்டுமா? வாய்மொழி வரலாறு சேகரிப்பவர் பெரும்பாலும் முன்னதைக் கேட்பார். பத்திரிகைக்காரர் பின்னதைக் கேட்பார். “ம்”, “வந்து”, திக்கித் திரும்பச் சொன்னவை ஆகியவற்றை விடலாமா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி இட வேண்டும், விளங்காத இடத்தை எப்படிக் காட்ட வேண்டும் என்பவற்றையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விளங்காத சொல்லை ஊகித்து எழுதிவிடாமல், [விளங்கவில்லை 00:12:40] என்று நேரத்தோடு குறித்துவிட்டு நகர்ந்தால், ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் போகாது. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தும் தரச் சொன்னால், அது வேறு வேலை, வேறு விலை.

இப்போது செய்ய வேண்டியது: முதலாவது பதிவைப் பேசிய விலைக்கே கொடுத்துவிடுங்கள், சொன்ன சொல் சொன்னதுதான். அதனோடு, எவ்வளவு நேரம் எடுத்தது, ஏன் எடுத்தது என்பதைக் கணக்காக எழுதி, மிச்சம் 11 பதிவுகளுக்கும் புதிய விலையைக் கேளுங்கள். ஒரே குரலும் ஒரே ஊர்ப் பேச்சும் தொடர்ந்து வந்தால் உங்கள் வேகம் கூடும் என்பதால், 120 இல் நின்று பிடிவாதம் பிடிக்காமல் 90 வரை இறங்கலாம். அதற்கும் மறுத்தால், மறுத்தவரிடம் மேலும் 11 பதிவுகளை வாங்கிச் சுமக்க வேண்டாம்.

இதே வேலைக்காக, வெளிச்சத்தம் நீக்கும் ஹெட்போன் ஒன்று 32,000 ரூபாவுக்குப் பார்த்திருக்கிறேன். காலால் மிதித்து ஒலியை நிறுத்தும் பெடலும் வேண்டும் என்கிறார்கள். வாங்கட்டுமா? – மானிப்பாய் வாசகர்

இரண்டும் வேண்டாம். இரண்டையும் வாங்கி ஏமாந்தவன் சொல்கிறேன்.

அந்த ஹெட்போன் நீக்குவது உங்களைச் சுற்றியுள்ள சத்தத்தை. பதிவுக்குள்ளே இருக்கும் மின்விசிறி, அது எவ்வளவு விலைக்கு விற்றாலும், உள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். இந்தச் சிறிய வேறுபாடு கடைக்காரருக்குத் தெரியவில்லை. எனக்கும் வீட்டுக்கு வந்த பின்புதான் தெரிந்தது. காதை முழுவதும் மூடும் சாதாரண வயர் ஹெட்போன் போதும்.

பெடலைப் பழையதாக, மலிவாக வாங்கினேன். அதன் வயர் முனையில் ஒன்பது ஊசிகள் இருந்தன. என் மடிக்கணினியில் அதைச் செருகும் துவாரமே இல்லை. இப்போது அது எங்கள் வீட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது. oTranscribe என்ற இலவசத் தளத்தில் Esc விசையை அழுத்தினால் ஒலி நிற்கும், மறுபடி அழுத்தினால் ஓடும். அதில் நூறு மணி நேரம் வேலை செய்த பின்பும் பெடல் வேண்டும் என்று தோன்றினால் அப்போது எழுதுங்கள்.

உபதலைப்பு எழுதும் சர்வதேசச் சான்றிதழ்ப் பயிற்சிக்கு 38,000 ரூபா கட்டிவிட்டேன். இந்தச் சான்றிதழுக்கு வேலை கிடைக்குமா? – சுன்னாகம் வாசகர்

கட்டுவதற்கு முன்பு கேட்க வேண்டிய கேள்வி. வேலை தருபவர் சான்றிதழைப் பார்ப்பதைவிட, ஐந்து நிமிடக் காட்சியைத் தந்து எழுதச் சொல்லிப் பார்ப்பார்.

உபதலைப்புப் பரீட்சைக்கு அனுப்பிய கோப்பு “வாசிப்பு வேகம் அதிகம்” என்று திரும்பி வந்தது. ஒரு வரியில் 25 எழுத்துகூட இல்லையே! – நல்லூர் வாசகி

நீங்கள் கண்ணால் எண்ணுகிறீர்கள், பல மென்பொருள்கள் யுனிகோட் குறிகளை எண்ணுகின்றன. அவை மெய்க்குப் புள்ளியையும் உயிர்மெய்க்குக் கொம்பு, கால் ஆகியவற்றையும் தனித்தனியே எண்ணும். “யாழ்ப்பாணம்” நமக்கு 6 எழுத்து, கணினிக்கு 11. ஒரு வரியை எடுத்துப் பார்ப்போம்:

```
12
00:01:05,000 --> 00:01:07,000
நான் நேற்று யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தேன்
```

இடைவெளிகளோடு சேர்த்து நம் கணக்கில் இது 23, கணினிக்கு 40. திரையில் நிற்பது 2 விநாடி என்பதால் வாசிப்பு வேகம் விநாடிக்கு 20 குறி ஆகிறது. உங்கள் வாடிக்கையாளர் விநாடிக்கு 17 என்று எல்லை வைத்திருந்தால் இது திரும்பித்தான் வரும். திரையில் புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகை தெரிகிறது என்றால் “நேற்றுத்தான் வந்தேன்” என்று எழுதலாம். அது 20 குறி, விநாடிக்கு 10. வசனத்தை முழுவதும் பெயர்த்து எழுத வேண்டும் என்ற ஆசையே, தமிழ் நன்றாகத் தெரிந்தவர்களை இந்தப் பரீட்சையில் தோற்கடிக்கிறது. பாத்திரம் பேசி முடித்த பின்பு அடுத்த வசனத்துக்கு முன்னால் இடம் இருந்தால், வரியைச் சற்று நேரம் கூடுதலாக நிறுத்தியும் வேகத்தைக் குறைக்கலாம்.

Subtitle Edit என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் இந்த வேகத்தைக் காட்டும். எல்லை எவ்வளவு, எண்ணுவது எழுத்தையா குறியையா என்பதை வாடிக்கையாளரிடமே கேளுங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்து அனுப்பினேன். கனடாவில் திறந்தால் ஆங்கில எழுத்தாகத் தெரிகிறதாம். காசு தர மறுக்கிறார். – சாவகச்சேரி வாசகர்

யுனிகோடுக்கு மாற்றி அனுப்புங்கள், தருவார். மாற்றிய பின்பு ஒரு முறை வாசித்துவிட்டு அனுப்புங்கள்.

லண்டனிலுள்ள பிள்ளைக்குச் சனிக்கிழமை 2.30க்கு இணையவழித் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். நவம்பர் தொடங்கியதும் பிள்ளை ஒரு மணி நேரம் பிந்தி வருகிறது. தாயாரோ நான்தான் முந்தி வருகிறேன் என்று கட்டணத்தில் கழிக்கிறார். – பருத்தித்துறை ஆசிரியை

இருவர் பக்கமும் பிழை இல்லை, ரீச்சர். ஒக்டோபர் கடைசி ஞாயிறு பிரித்தானியாவில் மணிக்கூட்டை ஒரு மணி நேரம் பின்னே வைக்கிறார்கள். அங்கே காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு 2.30, குளிர்காலத்தில் 3.30. மார்ச் கடைசி ஞாயிறு பழையபடி திரும்பும். பிள்ளையின் மணிக்கூட்டை வைத்தே வகுப்பு நேரத்தை எழுதி, இரு பக்கமும் ஒப்புக்கொள்ளுங்கள். கழித்த காசைத் தாயார் திருப்பித் தர வேண்டும். வகுப்புக்கு நீங்கள் வந்து காத்திருந்தீர்கள்.

வீட்டிலிருந்து தட்டச்சு வேலை என்று 7,500 ரூபா பதிவுக் கட்டணம் வாங்கினார்கள். படமாக வந்த பக்கங்களைத் தட்டச்சுச் செய்து கொடுத்தேன். பிழை அதிகம் என்று சம்பளத்தைத் தரவில்லை. இப்போது ஒப்பந்தத்தை மீறினேன் என்று 45,000 ரூபா கேட்டுச் சட்டத்தரணியின் கடிதம் என ஒன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது. – ஊர் குறிப்பிடாத வாசகி

இன்றைக்கே வீட்டில் சொல்லுங்கள் பிள்ளை. வெட்கப்பட வேண்டியது நீங்கள் அல்ல.

இது தட்டச்சு வேலையே அல்ல. எவருக்கும் தேவைப்படாத பக்கங்களைத் தந்து, எட்ட முடியாத பிழை எல்லை ஒன்றை வைத்து, முதலில் கட்டணத்தையும் பின்பு பயத்தையும் விற்கும் வியாபாரம் இது. உண்மையான வேலைக்குக் காசு வேலை தருபவரிடமிருந்து உங்களிடம்தான் வரும். அந்த 45,000 இல் ஒரு ரூபாவும் கட்டாதீர்கள். கட்டினால் அடுத்த கடிதம் வரும். கடிதத்தில் சட்டத்தரணியின் பெயர் இருந்தால், உங்களுக்குத் தெரிந்த சட்டத்தரணி ஒருவரிடம் காட்டி, அப்படி ஒருவர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

வட்ஸ்அப் உரையாடல், காசு அனுப்பிய பற்றுச்சீட்டு, அவர்களின் கணக்கு இலக்கம், அந்தக் கடிதம் எல்லாவற்றையும் அழிக்காமல் படமெடுத்து வைத்துக்கொண்டு, அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு செய்யுங்கள். பொலிஸ் திணைக்களத்தின் கணினிக் குற்ற விசாரணைப் பிரிவுக்கும் எழுதலாம். நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கும் அழையுங்கள். காசு போன வங்கிக் கிளைக்கும் எழுத்தில் அறிவியுங்கள். அந்தக் கணக்கைப் பற்றி உங்களுக்கு முன்பே வேறு யாராவது முறையிட்டிருக்கவும் கூடும். அடையாள அட்டையின் பிரதியை அவர்களுக்கு அனுப்பியிருந்தால், அதையும் முறைப்பாட்டில் மறக்காமல் எழுதுங்கள்.