ஒரே அறை, பல வழிபாடுகள்: நேரத்தை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தில் எல்லா மதத்தினருக்கும் சேர்த்து ஒரே பிரார்த்தனை அறைதான். 25 பேருக்குத்தான் அனுமதி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்கு 60 மாணவர்கள் வருகிறார்கள். தியானக் குழுவும் அதே 1 மணியைக் கேட்கிறது. எல்லோருக்கும் சம நேரம் கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். சம நேரம் என்பது பார்க்க நியாயமாகத் தெரியும், நடைமுறையில் சிலரைத் தள்ளிவைத்துவிடும். நேரத்தை மாற்றிக்கொள்ள முடிந்தவர் யார், முடியாதவர் யார் என்பதை முதலில் பாருங்கள். ஜும்ஆ வெள்ளி மதியம்தான் நடக்க முடியும். தியானக் குழு பெரும்பாலும் 12 மணிக்கோ 3 மணிக்கோ மாறிக்கொள்ளலாம். அவர்களிடம் பேசி, பிடித்த நேரத்தை எழுத்தில் உறுதி செய்து கொடுங்கள். விட்டுக்கொடுத்தவர்களுக்கு இந்த உறுதி மிக முக்கியம்.

ஆனால் நேரம் கிடைத்தாலும் 60 பேர் அந்த அறைக்குள் அடங்கமாட்டார்கள். 25 என்பது தீ விபத்து நேர்ந்தால் பத்திரமாக வெளியேற வைத்த கணக்கு, அதைத் தளர்த்தக் கூடாது. வெள்ளி மதியம் காலியாக இருக்கும் பெரிய வகுப்பறை ஒன்றைப் பருவம் முழுவதற்கும் ஒதுக்குங்கள். கிடைக்காவிட்டால் மூன்று அமர்வுகளாக நடத்த முடியுமா என்று மாணவர்களிடமே கேளுங்கள். பள்ளிவாசல்கள் பலவற்றில் இடம் போதாதபோது அப்படிச் செய்வதுண்டு. ஜும்ஆ வெளியே போய்விட்டால் 1 மணிப் பிரச்சினையே பாதி தீர்ந்துவிடும்.

மற்ற நாட்களுக்குக் குழுப் பதிவையும் தனிநபர் வருகையையும் பிரித்து வையுங்கள். குழுக்களுக்கு ஒரு நாளில் சில மணி நேரம் போதும். மீதி நேரமெல்லாம் யாரும் வந்து அமைதியாக இருக்கலாம், பதிவு தேவையில்லை. இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொழுகை நேரம் சூரியனைப் பொறுத்தது, பருவத்துக்கேற்ப நகரும். மாலைத் தொழுகையை '6 மணி' என்று பதிவேட்டில் எழுதினால் சில வாரங்களில் அது பொருந்தாமல் போகும். 'சூரியன் மறைந்ததிலிருந்து அரை மணி நேரம்' என்று எழுதிவிட்டு, அட்டவணையை மாதம் ஒருமுறை திருத்துங்கள்.

அறை மெல்ல ஒரு குழுவின் சொந்தமாகிவிடுகிறதா என்றும் கவனியுங்கள். பாய்கள் விரித்தபடியே கிடப்பது, சுவரில் ஒரு படம் நிரந்தரமாவது, நடுவில் தடுப்பு முளைப்பது எல்லாம் அதன் அடையாளம். ஜெர்மனியில் டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் தன் மௌன அறையை 2016இல் மூடியது. ஆண், பெண் என்று அறை தடுக்கப்பட்டதுதான் அங்கே முக்கியப் புகார். உங்கள் விதியில் இப்படி எழுதுங்கள்: சுவர் வெறுமையாக இருக்கும், ஒவ்வொரு குழுவுக்கும் பூட்டும் அலமாரி உண்டு, நேரம் முடிந்ததும் பொருட்கள் உள்ளே போய்விட வேண்டும். தனியிடம் வேண்டும் என்றால் தங்கள் நேரத்தில் மட்டும் மடக்குத் திரை வைத்துக்கொள்ளலாம்.

விளக்கு, ஊதுபத்தி விஷயத்தில் புகை உணர்கருவி ஒலிக்கும் என்பதால் தெளிவாக மறுத்துவிடுங்கள், மின்விளக்கை அனுமதிக்கலாம். தொழுகைக்கு முன் கைகால் கழுவக் கழிப்பறையின் கைகழுவும் தொட்டியைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்றால் தரை ஈரமாகி வழுக்கும். தாழ்வான குழாய் ஒன்றை வைப்பதற்கான செலவை இந்தத் திட்டத்திலேயே கேட்டுவிடுங்கள்.