டிப்ஸா, யோசனையா, அறிவுரையா?

"சார், கோத்தகிரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதி வார இதழில் சுயமுன்னேற்றப் பத்தி எழுதுகிறேன். டிப்ஸ், குறிப்பு, யோசனை, ஆலோசனை, அறிவுரை, வழிகாட்டுதல் என்று மாற்றி மாற்றிப் போடுகிறேன். ஆனாலும் 'அட்வைஸ் பண்ணாதீங்க' என்கிறார்கள். எதை எங்கே போடுவது?"

சொல்லை மட்டும் மாற்றினால் இந்தப் புகார் நிற்காது. தலைப்பில் 'சேமிக்கச் சில யோசனைகள்' என்று போட்டுவிட்டு உள்ளே வரிக்கு வரி 'வேண்டும்', 'கூடாது' என்று முடித்தால் வாசகருக்கு எரிச்சல் வரத்தான் செய்யும். யோசனை என்பது கேட்டவர் 'நமக்கு இது சரிப்படாது' என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியது, அதனால் அது 'செய்யலாம்', 'செய்து பாருங்கள்' என்றுதான் முடியும். 'கூடாது' வந்த இடத்தில் அது அறிவுரைதான், மேலே என்ன பெயர் எழுதியிருந்தாலும் சரி.

அறிவுரை மேலிருந்து கீழே இறங்குவது. தாத்தா பேரனுக்குச் சொல்வார், தலைமை ஆசிரியர் மாணவனுக்குச் சொல்வார், பெரும்பாலும் நடத்தையைப் பற்றி, பெரும்பாலும் கேட்காமலே. புத்திமதி அதற்கும் ஒரு படி மேல், ஏதோ தப்பு செய்துவிட்டவனுக்குச் சொல்வது. பேச்சில் 'அட்வைஸ்' என்றாலே கொஞ்சம் கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும், அதை உங்கள் பத்தியில் தொடவே வேண்டாம். இன்னொன்று, 'அறிவுறுத்துகிறோம்' என்று சிலர் எழுதுகிறார்கள். அது பாதி உத்தரவு. மலைப்பாதையில் மண் சரிந்தால் 'இரவுப் பயணத்தைத் தவிர்க்குமாறு மாவட்ட நிர்வாகம் அறிவுறுத்தியுள்ளது' என்று செய்தி வருமே, அந்தத் தொனி. உங்களுக்கு எதற்கு அது?

டிப்ஸும் குறிப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சின்னது, ஒரே எட்டில் முடிவது, யார் செய்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்று. டிப்ஸ் பேச்சுக்கு நெருக்கம், 'ஒரு டிப்ஸ் சொல்றேன்' என்று ஒருமைக்கும் அதையே சொல்கிறோம், எனவே 'டிப்ஸ்கள்' வேண்டாம். குறிப்பு எழுத்துக்கு நெருக்கம், ஆனால் முன்னால் ஒரு சொல் சேர்த்துப் போடுங்கள்: சமையல் குறிப்பு, சேமிப்புக் குறிப்பு. தனியாகக் 'குறிப்பு' என்று போட்டால் அடியில் ஏதோ நிபந்தனை சொல்லப் போகிறீர்கள் என்று படிப்பவர் நினைப்பார்.

ஆலோசனைக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். அவர் தன் நிலைமையைச் சொல்வார், நீங்கள் கேட்டுவிட்டு அவருக்கு மட்டும் பொருந்துகிற மாதிரி சொல்வீர்கள். அதனால் வாசகர் கடிதத்துக்குப் பதில் எழுதும் வாரத்தில் இந்தச் சொல் பொருந்தும், பொதுவாக எல்லோருக்கும் எழுதும் வாரத்தில் பொருந்தாது. மருத்துவ ஆலோசனை, சட்ட ஆலோசனை என்று பழகிய காதுக்கு இது படித்துத் தொழில் செய்பவர் சொல்வது போலவும் கேட்கும். சர்க்கரை மாத்திரை பற்றி நீங்கள் 'ஆலோசனை' எழுதினால் டாக்டர் சொன்னதாகவே எடுத்துக்கொள்பவர்கள் உண்டு, அங்கே கவனம்.

உங்கள் ஊர் விஷயத்தையே வைத்துப் பார்ப்போம். பச்சைத் தேயிலைப் பணம் மாதம் ஒருமுறை கைக்கு வருகிற குடும்பத்துக்குச் சேமிப்பு பற்றி எழுதுகிறீர்கள். 'பணம் வந்த அன்றே ஒரு பகுதியை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்' என்பது டிப்ஸ், இதில் ஏவலாக முடித்தாலும் யாரும் கோபிக்க மாட்டார்கள், ஏனென்றால் அது வெறும் செய்முறை. 'உரச் செலவுக்குத் தனியாக ஒரு தொகை ஒதுக்கிப் பார்க்கலாம்' என்பது யோசனை. கடனை முதலில் அடைப்பதா, தோட்டத்துக்குப் போடுவதா என்பது வட்டி எவ்வளவு, செடிக்கு வயது என்ன என்றெல்லாம் கேட்காமல் சொல்ல முடியாத சங்கதி, அது ஆலோசனை. கேட்காமல் எழுதினால் தப்பாகத்தான் போகும். பெண்ணைக் கோயம்புத்தூருக்குப் படிக்க அனுப்ப, எந்தப் படிப்பு, எப்போது விண்ணப்பம், விடுதிச் செலவுக்கு என்ன வழி என்று படிப்படியாகக் கூடவே வருவதுதான் வழிகாட்டுதல். ஒரு வாரப் பத்தியில் அது அடங்காது, தொடராக எழுதினால் அந்தப் பெயர் வையுங்கள். 'சம்பாதிக்கிற காலத்தில் ஆடம்பரம் கூடாது' என்று ஒரு வரி எழுதக் கை துறுதுறுக்கும், அதுதான் அறிவுரை. உங்களுக்கு வந்த புகார் இந்த மாதிரி வரிக்காகத்தான் இருக்கும், அதை எடுத்துவிட்டாலும் பத்திக்குக் குறைவில்லை.

இந்த ஐந்தையும் ஒரே பத்தியில் கலந்து 'ஐந்து அறிவுரைகள்' என்று தலைப்பிட்டால் முதல் டிப்ஸ்கூட திட்டு மாதிரி ஒலிக்கும். அப்படிக் கலந்துதான் எழுத வேண்டியிருக்கிறது என்றால் தலைப்பில் இந்தப் பெயர்ச்சொல் எதுவுமே வேண்டாம். 'தேயிலைப் பணம் வந்ததும் முதலில் என்ன செய்யலாம்?' என்று கேள்வியாகவே வைத்துவிடுங்கள்.