விலக்கு எந்த விதிக்கோ, அந்த விதிக்கு நேர் மேலே

கேள்வி: எங்கள் சங்கத்துக்கு உதவித்தொகைத் தகுதி விதிகளை ஷீட்டில் போடுகிறேன். முதியோர் போன்ற விலக்குகளைப் பொது விதிக்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா? எல்லா விலக்கையும் உச்சியில் வைத்தால் போதுமா?

பொது விதிக்கு மேலே வையுங்கள். ஆனால் எல்லாவற்றையும் உச்சியில் கொண்டுபோய் வைக்காதீர்கள். நான் முதல் வருடம் ஒரு தப்பையும், அதைத் திருத்தப்போய் அடுத்த வருடம் இன்னொரு தப்பையும் செய்தேன். இரண்டாலும் ஆட்கள் பாதிக்கப்பட்டார்கள். அதனால் அதையே சொல்கிறேன்.

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு அந்த இரண்டு மாதமும் வருமானம் இருக்காது. கரையில் மீன் பிரிக்கிறவர்கள், பாசி எடுக்கிற பெண்கள் ஆகியோரும் சங்கத்தில் உண்டு. சங்கப் பொதுப்பணத்திலிருந்து உறுப்பினர் குடும்பத்துக்கு 25 கிலோ அரிசி கொடுப்போம். விதி மூன்றுதான். விசைப்படகு சொந்தமாக வைத்திருப்பவருக்குக் கிடையாது. மாதச் சந்தா மூன்று மாதத்துக்கு மேல் நிலுவை இருந்தால் கிடையாது. 60 வயது நிறைந்தவர் சந்தா கட்ட வேண்டியதில்லை.

முதல் வருடம் விதிகளை நோட்டில் இருந்த வரிசையிலேயே போட்டேன். நிலுவையை முதலில் பார்த்து, வயதை அப்புறம் பார்க்கிற மாதிரி. பட்டியல் ஒட்டிய அன்று காலையில் பாசி எடுக்கும் ஒரு பாட்டி வந்தார். வயது 71. பாறை கிழிக்காமல் இருக்க விரல்களில் சுற்றியிருந்த துணிகூட இன்னும் ஈரமாக இருந்தது. “சந்தா கட்ட வேண்டாம்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க, இப்ப பாக்கின்னு எழுதியிருக்கு?” என்றார். அவர் பெயருக்கு நேரே 14 மாத நிலுவை. பொது விதி அவரை முதலிலேயே வெளியே தள்ளிவிட்டது. கீழே எழுதியிருந்த முதியோர் விதி அவர் பெயரைப் பார்க்கவே இல்லை. ஷீட் மேலிருந்து படிக்கும். முதலில் பொருந்துகிற விடையோடு நின்றுவிடும்.

சரி என்று அடுத்த வருடம் முதியோரை உச்சிக்கு ஏற்றினேன். B வயது, C நிலுவை மாதம், D விசைப்படகு சொந்தமா:

```
=IF(B2>=60,"உண்டு",IF(D2="Y","இல்லை",IF(C2>3,"இல்லை","உண்டு")))
```

பாட்டிக்கு அரிசி கிடைத்தது. கூடவே 63 வயதான விசைப்படகு முதலாளி ஒருவருக்கும் “உண்டு” என்று வந்துவிட்டது. நான் கவனிக்காமல் விட்டது இதுதான்: முதியோருக்குச் சங்கம் கொடுத்த விலக்கு சந்தாவிலிருந்து மட்டும். படகு விதியிலிருந்து யாரும் அவர்களை விலக்கவில்லை. உச்சியில் வைத்ததால் அந்த விலக்கு எல்லா விதியையும் தாண்டிப் போய்விட்டது.

அதனால் ஒவ்வொரு விலக்கையும் எழுதும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: இது எந்த விதியைத் தொடுகிறது? அந்த விதிக்கு நேர் மேலே, அல்லது அந்த விதிக்குள்ளேயே வையுங்கள். படகு விதிக்கு யாருக்கும் விலக்கு இல்லை என்றால் அதுதான் முதல் வரி. நிர்வாகக் குழுத் தீர்மானத்தில் எழுதும்போதும் இப்படித்தான். “இவ்விதிகளில் எது சொல்லப்பட்டிருந்தாலும்” என்று ஆரம்பித்தால் அது உச்சியில் வைத்த விலக்கு. “இரண்டாம் விதியில் எது சொல்லப்பட்டிருந்தாலும்” என்று எழுதினால் விலக்கு அந்த இடத்தோடு நிற்கும்.

இரண்டு விலக்குகள் ஒன்றுக்குள் ஒன்று அடங்கினால் குறுகலானது மேலே வர வேண்டும். வருமான வரியின் பழைய முறையில் 60 வயதானவருக்கு 3 லட்சம் வரை வரி இல்லை, 80 ஆனவருக்கு 5 லட்சம் வரை. 60-ஐ முதலில் கேட்டால் 82 வயதுக்காரர் அங்கேயே பிடிபட்டு 3 லட்சத்தில் நின்றுவிடுவார். 80-ஐத்தான் முதலில் கேட்க வேண்டும்.

எங்கள் கரைக்கே உரிய இன்னொரு விலக்கு உண்டு. எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கைச் சிறையில் இருந்த மாதங்களை நிலுவையில் சேர்க்கக் கூடாது. இதை முதியோர் விலக்கு மாதிரி எழுதினால் தப்பாகிவிடும். முதியோருக்குச் சந்தா விதியே கிடையாது. சிறையிலிருந்து வந்தவருக்கு விதி உண்டு, கணக்குத்தான் மாறுகிறது. ஒன்பது மாத நிலுவையில் ஏழு மாதம் சிறை என்றால் மீதி இரண்டு, தகுதி உண்டு. சிறை நான்கு மாதம்தான் என்றால் மீதி ஐந்து, தகுதி இல்லை. “சிறையில் இருந்தார், ஆகவே உண்டு” என்று போட்டிருந்தால் இந்த இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். ஆகவே ஒப்பிடுவதற்கு முன்னாலேயே கழித்துவிட வேண்டும். E சிறை மாதம், F பிறந்த தேதி:

```
=IF(D2="Y","இல்லை",
 IF(NOT(ISNUMBER(F2)),"பார்க்க",
 IF(AND(B2<60,C2-E2>3),"இல்லை","உண்டு")))
```

நடுவில் உள்ள “பார்க்க” வரி ஏன் என்றால், வயதை நான் கையால் போடுவதில்லை. தடைக்காலம் தொடங்கும் நாளை வைத்து ஷீட்டே கணக்கிடும்:

```
=DATEDIF(F2,DATE(2025,4,15),"Y")
```

பிறந்த தேதி காலியாக இருந்தால் ஷீட் அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு வயது 125 என்று காட்டும். 125 என்றால் முதியோர்தானே! படிவத்தில் தேதி எழுதாமல் விட்ட இளைஞனுக்கும் சந்தா விலக்கு கிடைத்துவிடும். விலக்கு எப்போதும் சாதகமான விடையைத் தருவதால், அதன் வழியாக நுழைகிற தப்பைப் பற்றி யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். நாமாகத்தான் தேடிப் பிடிக்க வேண்டும். வயது நெடுவரிசையைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கினால் இந்த 125-கள் மேலே வந்து நிற்கும். ஆதாரில் பிறந்த வருடம் மட்டும் உள்ள பெரியவர்களும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் F-ஐக் காலியாகவே விட்டு, “பார்க்க” என்று வந்ததும் ஆளை நேரில் கேட்டு முடிவு செய்கிறோம்.

பட்டியல் ஒட்டுவதற்கு முன் பொய்ப் பெயர்களில் சில வரிகள் போட்டுப் பார்ப்பேன். தனித்தனி விலக்குகளைவிட அவை மோதுகிற இடங்கள்தான் முக்கியம்: முதியவர் ஆனால் படகு உண்டு, சிறையில் இருந்தவர் ஆனால் படகு உண்டு, சிறையில் இருந்த முதியவர். அப்புறம் எல்லைக்கோட்டில் இரண்டு பேர். 1965 ஏப்ரல் 15-இல் பிறந்தவருக்கு 60 என்று வர வேண்டும், 16-இல் பிறந்தவருக்கு 59 என்று வர வேண்டும்.

மோதும்போது எது ஜெயிக்க வேண்டும் என்பதை ஷீட் போடுகிற நீங்கள் முடிவு செய்யாதீர்கள், குழுவிடம் கேளுங்கள். கடலில் காணாமல் போனவரின் மனைவி உறுப்பினர் இல்லாவிட்டாலும் அரிசி உண்டு என்று பிறகு ஒரு விதி வந்தது. அது உறுப்பினர் விதியைத் தொடுவது, படகு விதிக்குக் கீழேதான் வரும் என்று நான் நினைத்தேன். ஆனால் காணாமல் போனவர் பெயரிலேயே விசைப்படகு பதிவாகியிருந்த ஒரு குடும்பம் இருந்தது. கூட்டத்தில் கேட்டேன். “அவரோட போன படகுதானே அது. இல்லாத படகுக்கு அந்தப் பொண்ணு எப்படி முதலாளி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அன்றைக்கே D நெடுவரிசையின் தலைப்பை “விசைப்படகு சொந்தமா” என்பதிலிருந்து “தொழிலுக்குப் போகும் விசைப்படகு இப்போது உண்டா” என்று மாற்றினேன். வரிசையைத் தொடவே வேண்டியிருக்கவில்லை.