கடைசி 5 போத்தல், உண்மையிலேயே 5 இருக்கும்போது

அக்கா, உப்புவெளியில் வீட்டிலேயே நெத்தலிச் சம்பல் செய்து பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும் விற்கிறேன். ஒரு தடவைக்கு 40 போத்தல்தான் செய்ய முடியும், இரண்டு நாளில் முடிந்துவிடும். "கடைசி 5 போத்தல், முந்துங்கள் என்று எப்பவும் போடு" என்கிறாள் தோழி. எனக்கு மனம் வரவில்லை. முடிந்துவிட்டது என்பதையும் திரும்ப வருகிறது என்பதையும் எப்படி எழுதலாம்?
— பெயர் வேண்டாம், திருகோணமலை

தங்கச்சி, தோழி சொல்வது முதல் மாதம் வேலை செய்யும். நானும் ஒரு பக்கத்தில் "கடைசி 3 சேலை" என்பதைப் பார்த்து அவசரமாகக் காசு போட்டேன். மூன்று வாரம் கழித்தும் அதே சேலை, அதே "கடைசி 3". பிறகு அந்தப் பக்கம் எதைப் போட்டாலும் எனக்குச் சிரிப்புத்தான். இன்னொன்று, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அதிகாரசபைச் சட்டப்படி வாங்குபவரை ஏமாற்றும் நடத்தை குற்றம். கையில் சரக்கை வைத்துக்கொண்டு இல்லை என்பதும் குற்றம்தான். ஆகவே கேள்வியைக் கூட்டுவதற்காக "முடிந்தது" என்று போட்டுவிட்டுச் சரக்கை ஒளித்து வைக்கும் யோசனை யாராவது சொன்னால் அதையும் விட்டுவிடுங்கள்.

உங்களிடம் இருப்பது உண்மையான தட்டுப்பாடு. அதன் காரணத்தைச் சொன்னாலே போதும். முடிந்த அன்றைக்கு இப்படி எழுதலாம்:

"இந்த முறை செய்த 40 போத்தலும் இன்று காலை முடிந்தன. நெத்தலியை நானே துப்புரவாக்கி, சிறு தாச்சியில் பொரிப்பதால் ஒரு தடவைக்கு இதற்கு மேல் முடியாது. அடுத்தது 14ஆம் திகதிக்கும் 17ஆம் திகதிக்கும் இடையில். முதலில் தெரிய வேண்டியவர்கள் 'சம்பல்' என்று வட்ஸ்அப் அனுப்பி, என் நம்பரை போனில் சேமித்துக்கொள்ளுங்கள்."

திகதி ஒன்றை மட்டும் சொல்லாமல் இடைவெளி சொன்னதைக் கவனியுங்கள். மீன் கிடைக்காத ஒரு நாள் உங்களைப் பொய்க்காரி ஆக்கக்கூடாது. நம்பரைச் சேமிக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. வட்ஸ்அப்பின் பிரோட்காஸ்ட் லிஸ்ட்டில் அனுப்புவது உங்கள் நம்பரைச் சேமித்தவர்களுக்குத்தான் போய்ச் சேரும். ஒரு லிஸ்ட்டில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்கமாட்டார்கள். குழு திறந்து எல்லோருடைய நம்பரையும் எல்லோருக்கும் காட்டுவதைவிட இது மரியாதை.

சரி, அடுத்த தடவை வழக்கமான 40ஐ விட இரண்டு கூடி 42 போத்தல் வந்ததாக வைப்போம். இரண்டை ஒதுக்குங்கள், கூரியரில் உடைந்தால் மாற்றிக் கொடுக்க. மீதி 40. வியாழன் மாலை லிஸ்ட்டில் உள்ள 26 பேருக்கும், "40 போத்தல் தயார். நாளை மாலை 6 மணி வரை உங்களுக்கு மட்டும். வேண்டுமென்றால் எத்தனை என்பதையும் முகவரியையும் அனுப்புங்கள்" என்று போடுங்கள். அவர்களுக்கு 17 போனால், வெள்ளி மாலை பேஸ்புக்கில் இப்படி எழுத வேண்டும்:

"சம்பல் வந்துவிட்டது. 40இல் 17ஐக் காத்திருந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். இப்போது 23 உண்டு. முகவரி அனுப்பிய ஒழுங்கில்தான் கொடுப்போம்."

காத்திருந்தால் முதலில் கிடைக்கும் என்பதை இந்தப் பதிவே காட்டிவிடுகிறது. அடுத்த தடவை லிஸ்ட்டில் சேரச் சொல்லி நீங்கள் கெஞ்ச வேண்டியிருக்காது.

ஆட்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது எண்ணிக்கையில். பேஸ்புக் கருத்தில் ஒருவர் "எனக்கு 2", வட்ஸ்அப்பில் இன்னொருவர் "எனக்கு 3" என்பார்கள். இரண்டு இடத்திலும் தனித்தனியாகக் கணக்கு வைத்தால் இல்லாத போத்தலை விற்றுவிடுவீர்கள். ஒரே கொப்பி, வந்த நேரம், பெயர், எத்தனை. "விலை என்ன?" என்பதை விற்றதாக எண்ணாதீர்கள். முகவரி வந்தபின்தான் கழிக்க வேண்டும். "எடுத்து வையுங்கள்" என்பவருக்கு மறுநாள் மதியம் வரை வைத்திருங்கள், அதற்குப் பிறகு வரிசையில் அடுத்தவருக்கு. கொப்பியில் 5 என்று வரும்போது "இன்னும் 5" போடுங்கள், தோழியின் வசனம் அன்றைக்கு உண்மை. யாராவது பார்சலை ஏற்காமல் இரண்டு திரும்பி வந்தால், மூடியின் சீல் சரியாக இருக்கிறதா பார்த்து, "திரும்பி வந்தவை 2" என்று அப்படியே சொல்லி லிஸ்ட்டுக்கு அனுப்புங்கள்.

"இதுதான் கடைசித் தடவை" என்பதை மட்டும் உண்மையிலேயே நிறுத்தும்போதுதான் எழுத வேண்டும். நம்மூரில் ஒக்டோபர் கடைசியில் தொடங்கி தை வரை மழை. கடலும் கொந்தளிக்கும், கருவாடும் காயாது. அப்போது எழுத வேண்டியது இவ்வளவுதான்: "மழை பிடித்துவிட்டது, நெத்தலி சரியாகக் காயவில்லை. ஈரக் கருவாட்டில் செய்ய மனமில்லை. இந்த மாதம் சம்பல் இல்லை. வெயில் வந்ததும் லிஸ்ட்டுக்குச் சொல்கிறேன்."